கை தொங்கினால் கம்பத்தைப் பார்

தரையில் ஊன்றிய ஓர் இரும்புக் கம்பம். அதன் உச்சியிலிருந்து ஒரு பக்கமாக நீளும் கை. கையின் நுனியில் ஒரு விளக்கு, அல்லது ஒரு பெயர்ப்பலகை. ‘ட’ என்ற எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற இந்த அமைப்பைத் தெருவில் பார்க்காதவர் இல்லை. நுனியில் பாரம் ஏறியதும் கை சற்றே தாழும். அளவுக்கு மீறித் தாழ்ந்துவிட்டால் வெல்டிங் பட்டறையில் முதலில் வரும் யோசனை, “கைக்கு இன்னும் தடிமனான பைப் போட்டுவிடலாம்” என்பதாகத்தான் இருக்கும். கண்ணெதிரே தொங்குவது கைதானே?

கணக்குப் போட்டுப் பார்த்தால் குற்றம் பெரும்பாலும் கையில் இல்லை, கம்பத்தில் இருக்கிறது. அதை ஒரே வரியில் காட்டிவிடும் கருவி ஒன்று உண்டு. 150 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் ஓர் ஏழை மாணவர் தன் பட்டப்படிப்பு ஆய்வேட்டில் எழுதிய தேற்றம் அது. பொறியியல் மாணவர்கள் இன்றும் அதைக் காஸ்திலியானோ தேற்றம் என்று படிக்கிறார்கள். பலர் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். மறக்க வேண்டிய விஷயமில்லை அது.

ஒரு கம்பத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் 3 மீட்டர், கையின் நீளம் 1.5 மீட்டர். இரண்டும் ஒரே எஃகு பைப்: வெளிவிட்டம் 60 மி.மீ., சுவரின் தடிமன் 4 மி.மீ. நுனியில் தொங்கும் விளக்கின் எடை ஏறத்தாழ 30 கிலோ, அதாவது 300 நியூட்டன் விசை. கம்பத்தின் அடி அசையாமல் இறுகியிருக்கிறது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். இந்த அனுமானத்துக்குப் பிறகு திரும்பி வர வேண்டியிருக்கும்.

முதல் கேள்வி: உடையுமா? உடையாது. இந்தச் சுமையால் பைப்பில் எழும் அதிகபட்சத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 49 நியூட்டன்தான். சாதாரண மென்எஃகு 250 வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும். வலிமையில் ஐந்து மடங்கு கையிருப்பு இருக்கிறது. ஆனாலும் இந்தக் கை கண்ணுக்குத் தெரியும்படி தொங்கும். வலிமை வேறு, விறைப்பு வேறு. உயர்தர எஃகு வாங்கிப் போட்டாலும் தொங்கலில் மாற்றம் வராது. உயர்தர எஃகானாலும் சாதா எஃகானாலும் யங் குணகம் ஏறக்குறைய ஒன்றுதான். சதுர மில்லிமீட்டருக்கு இரண்டு லட்சம் நியூட்டன்.

சரி, எவ்வளவு தொங்கும்? நேர்வழி ஒன்று உண்டு. கம்பம் எப்படி வளைகிறது, உச்சி எத்தனை கோணம் சாய்கிறது, அந்தச் சாய்வு கையை எங்கே கொண்டுபோகிறது என்று வடிவத்தைத் துண்டு துண்டாகத் தொடர்ந்து போகலாம். எளிய அமைப்புக்கு அது சரிப்படும். மூலைகள் கூடக்கூட எது எந்தப் பக்கம் திரும்பியது என்பதிலேயே தலை சுற்றிவிடும். காஸ்திலியானோ வடிவத்தை விட்டுவிட்டு ஆற்றலைப் பிடித்துக்கொண்டார்.

வளைந்த பைப் ஒரு வில். அதை வளைக்கச் செய்த வேலை முழுவதும் அதற்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. சுமையை எடுத்துவிட்டால் பைப் நிமிர்ந்து அந்த ஆற்றலைத் திருப்பித் தந்துவிடும். இதற்குத் திரிபு ஆற்றல் என்று பெயர். சுமையைப் பூச்சியத்திலிருந்து மெல்ல மெல்ல 300 நியூட்டன் வரை ஏற்றினால், நுனியும் அதே விகிதத்தில் இறங்கும். செய்யப்பட்ட வேலை, இறுதிச் சுமையை இறக்கத்தால் பெருக்கியதில் பாதி.

இப்போது ஒரு சின்ன யோசனை. விளக்கை மாட்டுவதற்கு முன்பே நுனியில் 1 நியூட்டன் எடையுள்ள ஒரு சிறு குண்டைத் தொங்கவிட்டிருக்கிறோம். அதனால் ஏற்படும் இறக்கம் மிகமிகக் குறைவு. அதைச் சேமிக்கும் ஆற்றலும் அப்படியே. பிறகு விளக்கை ஏற்றுகிறோம். விளக்கு தன் பங்குக்கு நுனியைக் கீழே இழுக்கிறது. ஏற்கெனவே முழு எடையோடு தொங்கிக்கொண்டிருக்கும் குண்டும் அந்த முழுத் தூரமும் கூடவே இறங்குகிறது. ஆகவே குண்டு செய்யும் கூடுதல் வேலை: 1 நியூட்டன் பெருக்கல் விளக்கின் இறக்கம். இங்கே பாதி என்ற பேச்சு இல்லை. எந்த வரிசையில் ஏற்றினாலும் இறுதியில் சேரும் ஆற்றல் ஒன்றுதான் என்பதால், விளக்கு தொங்கும் நிலையில் சுமையை 1 நியூட்டன் கூட்டினால் ஆற்றல் எவ்வளவு கூடுமோ, ஏறக்குறைய அதுவே இறக்கத்தின் அளவு. ‘ஏறக்குறைய’ என்ற சொல்லை நீக்க, 1 நியூட்டனுக்குப் பதில் எண்ணமுடியாத அளவு சிறிய கூடுதலை எடுத்துக்கொண்டால் போதும். கணிதத்தில் அதற்குப் பெயர் வகைக்கெழு. தேற்றம் இவ்வளவுதான்: திரிபு ஆற்றலை ஒரு சுமையைப் பொறுத்து வகையிட்டால், அந்தச் சுமை இருக்கும் புள்ளி, அந்தச் சுமையின் திசையில், எவ்வளவு நகர்ந்தது என்பது கிடைக்கும்.

δ = ∂U/∂P

இங்கே U என்பது அமைப்பு முழுவதிலும் சேர்ந்த ஆற்றல். P என்பது சுமை. δ என்பது இறக்கம். ஆக, நம் வேலை பைப்பின் ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு ஆற்றல் சேர்கிறது என்று கணக்கெழுதுவது.

வளையும் பைப்பின் ஒரு சிறு துண்டில் சேரும் ஆற்றல், அங்குள்ள வளைக்கும் திருப்புத்திறனின் வர்க்கத்தைப் பொறுத்தது. திருப்புத்திறன் என்பது சுமையையும், சுமையின் நேர்கோட்டிலிருந்து அந்தத் துண்டு இருக்கும் கிடைத்தூரத்தையும் பெருக்கி வருவது. கையில் நுனியிலிருந்து x தூரத்தில் அது Px. நுனியில் பூச்சியம், மூலையை நெருங்க நெருங்கக் கூடி, மூலையில் PL ஆகிறது. L என்பது கையின் நீளம்.

மூலையைத் தாண்டிக் கம்பத்தில் இறங்கும்போது என்ன ஆகிறது? இங்கேதான் மாணவர்கள் பலர் வழுக்கி விழுகிறார்கள். கையில் கூடிக்கொண்டே வந்த திருப்புத்திறன் கம்பத்திலும் கூடிக்கொண்டே போகும் என்று எழுதிவிடுகிறார்கள். கம்பம் செங்குத்தானது. உச்சியானாலும் அடியானாலும், சுமையின் நேர்கோட்டிலிருந்து அது இருக்கும் கிடைத்தூரம் L தான். எனவே கம்பத்தின் 3 மீட்டர் உயரம் முழுவதும் திருப்புத்திறன் PL. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. கையில் ஓர் இடத்தில் மட்டும் உச்சத்தைத் தொடும் அழுத்தத்தைக் கம்பம் தன் நீளம் முழுவதும் சுமக்கிறது. கதையின் மொத்தமும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. இனி வருவது எண்கள்தான்.

திருப்புத்திறனின் வர்க்கத்தை 2EI ஆல் வகுத்து, நீளம் முழுவதும் தொகையிட்டால் ஆற்றல் வரும். E என்பது யங் குணகம். I என்பது பைப்பின் குறுக்குவெட்டு வடிவத்தால் வரும் விறைப்பு எண். h என்பது கம்பத்தின் உயரம்.

U = P²L³/(6EI) + P²L²h/(2EI)

முதல் உறுப்பு கையினுடையது, இரண்டாவது கம்பத்தினுடையது. P-ஐப் பொறுத்து வகையிட்டால்:

δ = PL³/(3EI) + PL²h/(EI)

நம் பைப்புக்கு I ஏறத்தாழ 2,77,000 மி.மீ. நான்காம் படி. எண்களைப் போட்டால் கையின் பங்கு 6.1 மி.மீ., கம்பத்தின் பங்கு 36.5 மி.மீ. மொத்தம் 42.6 மி.மீ., நான்கு சென்டிமீட்டருக்கும் மேல். அதில் ஏழில் ஆறு பங்கு கம்பத்தின் கணக்கில் இருக்கிறது.

பட்டறை யோசனையை இப்போது சோதித்துப் பார்க்கலாம். கைக்கு எவ்வளவு தடித்த பைப் போட்டாலும், ஏன், துளியும் வளையாத ஏதோ ஒரு மாயப் பொருளால் செய்தாலும், மிச்சமாகப்போவது அந்த 6 மி.மீ. மட்டுமே. 36 மி.மீ. அப்படியே தொங்கும். தடித்த பைப்பின் சொந்த எடையால் கொஞ்சம் கூடவே தொங்கலாம். அதற்குப் பதில் கையைத் தொடாமல், கம்பத்தை மட்டும் 76 மி.மீ. விட்டமுள்ள பைப்பாக மாற்றினால், சுவர்த் தடிமன் அதே 4 மி.மீ. என்றாலும், கம்பத்தின் பங்கு 17 ஆகச் சுருங்கி மொத்தம் 23 மி.மீ. ஆகிவிடும்.

விடை சரியா என்று பார்க்க இரண்டு எளிய வழிகள் உண்டு. கம்பத்தின் உயரத்தைப் பூச்சியம் ஆக்கினால் சுவரில் பதித்த வெறும் கை மிஞ்சும். சூத்திரத்திலும் PL³/3EI மட்டும் மிஞ்சுகிறது, எல்லாப் பாடநூல்களிலும் இருக்கும் விடை அது. இன்னொன்று, கம்பம் தன் உச்சியில் சாயும் கோணம் PLh/EI. அந்தக் கோணத்தால் L நீளமுள்ள கையின் நுனி இறங்கும் தூரம் PL²h/EI. இரண்டாம் உறுப்பு அப்படியே வருகிறது. கை வளைந்து தொங்குவதைவிட, சாய்ந்த கம்பத்தின் மேல் கை நேராகவே கீழ்நோக்கித் திரும்பியிருப்பதுதான் பெரும்பகுதி. தெருவில் நின்று பார்த்தால் இதைக் கண்ணாலேயே பிரித்தறியலாம். மூலையருகே கை எந்தக் கோணத்தில் கிளம்புகிறது என்று பாருங்கள். கிளம்பும்போதே கீழ்நோக்கி இருந்தால், அது கம்பத்தின் வேலை. கிடையாகக் கிளம்பி நுனிக்கு முன்னால் மட்டும் குனிந்தால்தான் கையைக் குறை சொல்லலாம்.

கவனமான வாசகர் ஒருவர் கேட்கலாம்: கம்பம் அழுந்திக் குட்டையாவதை ஏன் சேர்க்கவில்லை? சேர்க்கலாம். இந்தக் கம்பம் 300 நியூட்டன் சுமையில் குட்டையாவது 0.006 மி.மீ. கையில் வெட்டுவிசையால் வரும் கூடுதல் இறக்கம் ஏறத்தாழ 0.016 மி.மீ. இரண்டையும் ஒதுக்கியது சோம்பலால் அல்ல. ஆனால் கையின் சொந்த எடையை அப்படி ஒதுக்க முடியாது. இந்தப் பைப் மீட்டருக்கு ஐந்தரை கிலோ. கை மட்டுமே 8 கிலோவுக்கு மேல். அதனால் இன்னொரு 5.6 மி.மீ. சேரும், மொத்தம் 48. இதையும் அதே தேற்றத்தால் கணக்கிடலாம். கை, கம்பம் இரண்டின் திருப்புத்திறனிலும் சொந்த எடையின் பங்கைச் சேர்த்துக்கொண்டு, வகையிடுவதை மட்டும் நுனியில் உள்ள P-ஐப் பொறுத்தே செய்ய வேண்டும். மேலே போகும்போது எளிமைக்காக விளக்கின் சுமையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தேற்றத்துக்குப் பெயர் தந்த கார்லோ ஆல்பெர்த்தோ காஸ்திலியானோ 1847-இல் வட இத்தாலியின் அஸ்தி நகரில் பிறந்தார். வசதியில்லாத குடும்பம். தெர்னி ஊரில் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் ஆசிரியராக இருந்துவிட்டு, 1870-இல் தூரின் நகருக்குப் படிக்கப் போனார். 1873-இல் அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டில் மீள்தன்மை அமைப்புகளைப் பற்றிய இந்த எண்ணம் இருந்தது. பிறகு வட இத்தாலிய ரயில்வேயில் பணி. 1879-இல் தன் கோட்பாட்டை முழுநூலாக, பிரெஞ்சு மொழியில் எழுதி வெளியிட்டார். 1884-இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

இடையில் ஒரு வழக்கும் நடந்தது. எதிரே நின்றவர் லூயிஜி மெனப்ரேயா: ராணுவ ஜெனரல், 1867 முதல் 1869 வரை இத்தாலியின் பிரதமர். சார்ல்ஸ் பாபேஜின் பகுப்பு இயந்திரத்தைப் பற்றி இவர் எழுதிய கட்டுரையைத்தான் ஏடா லவ்லேஸ் மொழிபெயர்த்துப் புகழ்பெற்ற குறிப்புகளைச் சேர்த்தார். மெனப்ரேயா 1858-இலேயே, மீள்தன்மை அமைப்பு ஒன்று மிகக் குறைந்த ஆற்றலைச் சேமிக்கும் வகையிலேயே சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் என்று அறிவித்திருந்தார். ஆனால் அவர் தந்த நிரூபணம் பலருக்குத் திருப்தி தரவில்லை. 1875-இல் அவர் வெளியிட்ட புதிய நிரூபணம் தன் ஆய்விலிருந்து எடுத்தது என்றும், தன் பெயர் அடிக்குறிப்போடு முடிந்துவிட்டது என்றும் காஸ்திலியானோ முறையிட்டார். கணிதவியலாளர் லூயிஜி கிரெமோனா தலைமையில் கூடிய லின்செய் கழகக் குழு, ஜெனரலின் பக்கமே சாய்ந்தது. முப்பது வயதுகூட ஆகாத ரயில்வே பொறியாளருக்கும் முன்னாள் பிரதமருக்கும் நடந்த வழக்கில் வேறு தீர்ப்பு வந்திருந்தால்தான் வியப்பு. ஆனால் இன்று வகுப்பறைகளில் அதிகம் ஒலிக்கும் பெயர் காஸ்திலியானோவுடையதுதான்.

மீண்டும் கம்பத்துக்கு வருவோம். நுனி கீழே மட்டும் இறங்குவதில்லை. கம்பம் கையின் பக்கமாகச் சாய்வதால் நுனி முன்னோக்கியும் போகிறது. எவ்வளவு? தேற்றப்படி, கிடைத்திசையில் ஒரு விசை இருந்தால் அதைப் பொறுத்து வகையிடலாம். ஆனால் அப்படி ஒரு விசையே இங்கே இல்லையே!

இல்லாத விசையை இருப்பதாக வைத்துக்கொள்வதுதான் வழி. நுனியில் Q என்று ஒரு கிடைவிசை முன்னோக்கி இழுப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறோம். கை முழுவதும் அதன் நேர்கோட்டிலேயே இருப்பதால், Q கையை வளைப்பதில்லை. கம்பத்தில், உச்சியிலிருந்து y ஆழத்தில், திருப்புத்திறன் PL + Qy ஆகிறது. இதை வைத்து ஆற்றலை எழுதி, Q-ஐப் பொறுத்து வகையிட்டு, அதற்குப் பிறகு Q-வைப் பூச்சியம் ஆக்கினால் PLh²/2EI கிடைக்கிறது. நம் கம்பத்துக்கு 36.5 மி.மீ. கம்பம் கையைப் போல் சரியாக இருமடங்கு இருப்பதால்தான் முன்பு வந்த அதே எண் மறுபடி வந்திருக்கிறது. அதில் வேறு ரகசியம் இல்லை.

வரிசை முக்கியம். அவசரப்பட்டு முதலிலேயே Q-வைப் பூச்சியம் ஆக்கிவிட்டால் வகையிட எதுவும் மிஞ்சாது. இன்னொரு பொறி, ஒரே எழுத்தை இரண்டு விசைகளுக்கு வைப்பது. நுனியில் கீழ்நோக்கி 300, முன்னோக்கியும் 300 நியூட்டன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சமம்தானே என்று இரண்டையும் P என்று எழுதி வகையிட்டால் வருவது இறக்கமும் அல்ல, முன்னகர்வும் அல்ல, இரண்டின் கூட்டல். சூத்திரம் எந்த எச்சரிக்கையும் தராமல் அந்தத் தவறான எண்ணைச் சமர்த்தாகத் தந்துவிடும். அளவு சமமாக இருந்தாலும் பெயர் வேறாக வைத்து, வகையிட்ட பிறகே எண்களைப் போட வேண்டும்.

காற்று வேறு விதமாகத் தாக்குகிறது. கம்பமும் கையும் இருக்கும் தளத்துக்குக் குறுக்காக, விளக்கின் பக்கவாட்டில் 100 நியூட்டன் விசையோடு காற்று தள்ளுகிறது என்று வைப்போம். கை பக்கவாட்டில் வளைகிறது, கம்பமும் வளைகிறது. அதோடு கை ஒரு நெம்புகோலாகிக் கம்பத்தை முறுக்குகிறது. ஆற்றல் கணக்கில் மூன்று பதிவுகள்: கையின் வளைவு 2 மி.மீ., கம்பத்தின் வளைவு 16 மி.மீ., கம்பத்தின் முறுக்கம் இன்னொரு 16 மி.மீ. முறுக்கத்தை மறந்தவர் 34 மி.மீட்டருக்குப் பதில் 18 என்று எழுதுவார். கிட்டத்தட்டப் பாதியைத் தொலைத்துவிடுவார். அதுவும் உருண்டையான, மூடிய பைப் என்பதால்தான் இவ்வளவோடு நிற்கிறது. ஒரு பக்கம் திறந்த சேனல் இரும்பிலோ ஆங்கிள் இரும்பிலோ இதே கம்பத்தைச் செய்தால், வளைவுக்கு அது ஈடுகொடுத்தாலும் முறுக்கத்துக்குக் கொடுக்காது. காற்றில் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி ஆடும் விளம்பரப் பலகைகளின் கம்பங்களில் இதைப் பார்க்கலாம்.

தொங்கலைக் குறைக்கக் கம்பத்தைத் தடிமனாக்குவது ஒரு வழி. இன்னொரு வழி, கைக்கு எதிர்ப்பக்கம் உச்சியிலிருந்து ஓர் இழுகம்பி கட்டித் தரையில் நங்கூரமிடுவது. இங்கேதான் காஸ்திலியானோவுக்கே மிகவும் பிடித்த பயன் வருகிறது. கம்பியில் எவ்வளவு இழுவிசை வரும் என்பதை வெறும் விசைச் சமநிலையை வைத்துச் சொல்ல முடியாது. கம்பி இல்லாமலும் கம்பம் நின்றுகொள்ளும் என்பதால், சமநிலைச் சமன்பாடுகள் எந்த விடைக்கும் தலையாட்டும். விடையை முடிவுசெய்ய இன்னொரு நிபந்தனை வேண்டும். கம்பி நீளாது, நங்கூரம் அசையாது என்றால், உச்சி கிடையாக நகராது. நகர்வு என்பது ஆற்றலின் வகைக்கெழு. எனவே கம்பியின் கிடை இழுப்பு X என்றால்:

∂U/∂X = 0

மெனப்ரேயா சொன்ன ‘மிகக் குறைந்த ஆற்றல்’ விதி இதுதான். கம்பத்தில் திருப்புத்திறன் இப்போது PL − Xy. வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமன்படுத்தினால் X = 3PL/2h; நம் எண்களுக்கு 225 நியூட்டன். கம்பி 45 பாகைச் சரிவில் இறங்கினால் அதில் இழுவிசை ஏறத்தாழ 318 நியூட்டன். பெரிய விசை அல்ல, மெல்லிய கம்பியே தாங்கும். பலனைப் பாருங்கள்: கம்ப உச்சியின் சாய்வு நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. 36.5 மி.மீ. 9.1 ஆகிறது, கையின் 6.1-ஐச் சேர்த்தால் மொத்தம் 15 மி.மீ.தான். கம்பத்தின் அடியில் திருப்புத்திறன் பாதியாகி, திசையும் மாறிவிடுகிறது. இதனால் அடித்தளத்தில் போல்ட்டுகள் இழுபடுவது இப்போது எதிர்ப்பக்கம். பின்னால் மூன்று மீட்டர் இடம் இருக்குமானால் இதைவிட மலிவான தீர்வு கிடையாது. நடைபாதையில் அந்த இடம் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

தேற்றத்துக்கு எல்லைகள் உண்டு. சுமையை இருமடங்காக்கினால் இறக்கமும் இருமடங்காகும் பொருளில்தான், அந்த வரம்புக்குள்தான், அது செல்லும். பைப் நிரந்தரமாக வளைந்துவிட்டால் செல்லாது. ரப்பர் போன்ற பொருளுக்கு அப்படியே செல்லாது. அத்தகைய பொருள்களுக்கு நிரப்பு ஆற்றல் என்ற மாற்றுக் கணக்கை ஜெர்மானியர் எங்கெஸ்ஸர் 1889-இல் முன்வைத்தார். நுனி மீட்டர் கணக்கில் இறங்கி வடிவமே மாறிப்போகும் நீண்ட மெல்லிய கம்பங்களுக்கும் இந்தக் கணக்குப் போதாது. 4.5 மீட்டர் பைப்பில் 4 சென்டிமீட்டர் இறக்கம் என்பது அந்த ஆபத்துக்கு வெகு தூரத்தில் இருக்கிறது.

நடைமுறையில் அதிகம் ஏமாற்றுவது இவை எதுவும் இல்லை. தொடக்கத்தில் செய்த அந்த அனுமானம்தான்: அடி அசையாது என்றது. தேற்றம் நாம் கொடுத்த ஆற்றலை மட்டுமே கணக்கெடுக்கும். அடித்தகடு வளைவதையும், போல்ட் நீள்வதையும், காங்கிரீட் மண்ணில் சாய்வதையும் நாம் சேர்க்காவிட்டால் அது சேர்க்காது. அடி ஒரே ஒரு பாகை சாய்ந்தால்கூட 1.5 மீட்டர் கையின் நுனி 26 மி.மீ. இறங்கும், கை வளைவதால் வரும் இறக்கத்தைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். 42 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 70 வந்தால், சூத்திரத்தைத் திருத்தத் தொடங்காமல், விளக்கை மாட்டும்போது அடித்தகட்டின் மேல் ஒரு ரசமட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே உங்கள் கடை வாசலிலோ வீட்டு வாசலிலோ இப்படி ஒரு கை தொங்கினால், பார்க்க வேண்டிய வரிசை இது: முதலில் அடியிலுள்ள போல்ட்டுகள், அடுத்துக் கம்பத்தின் விட்டம், கடைசியாகத்தான் கை. பட்டறைக்காரர் கைக்குத் தடித்த பைப் போடச் சொன்னால், அதே பணத்துக்குக் கம்பத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள்.